அத்தியாயம் 6: லைன் கடைசி வீட்டின் தண்ணீர்

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டாயிற்று, பதிவேட்டிலும் எழுதியாயிற்று. தொட்டிக்கு அடுத்த தெருவில் குழாயைத் திறந்தால் மருந்து வாடை அடிக்கிறது. அதே தொட்டியின் தண்ணீர்தான் ஊர் ஓரத்துப் புது சைட்டில் இருக்கும் கடைசி வீட்டுக்கும் போகிறது. அங்கே பிடித்துப் பார்த்தால் குளோரின் துளியும் இல்லை. முதல் குடத்தில் பாசி வாடை அடிக்கிறது, சில நாள் லேசான கலங்கலும் இருக்கிறது. புகார் வந்ததும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தாலும் கடைசி வீட்டில் ஏன் எதுவும் மாறுவதில்லை, என்ன செய்தால் மாறும் என்பதே இந்த அத்தியாயம். தண்ணீர் திறந்துவிடும் ஊழியர், ஃபிட்டர், வார்டு உறுப்பினர், குடியிருப்போர் சங்கத்தார் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

அவிநாசிப் பக்கத்தில் இது ஏன் அதிகம்

குழாய் வலையமைப்பில் ஒரு முனையிலிருந்து மட்டும் தண்ணீர் நுழைந்து, மறுமுனை மூடியால் அடைபட்டிருக்கும் கிளையை ஃபிட்டர்கள் 'டெட் எண்டு' என்பார்கள். வீடுகள் எடுக்கும் அளவுக்கு மட்டுமே அதில் தண்ணீர் நகரும். யாரும் எடுக்காவிட்டால் அப்படியே நிற்கும்.

எல்லா ஊரிலும் டெட் எண்டு உண்டு. பின்னலாடைப் பகுதியில் அது பெருகுவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, சைட் போட்டு விற்கும் வேகம். வீடு வருவதற்கு முன்பே லைன் கடைசிவரை குழாய் இழுக்கப்படுகிறது. ஐம்பது மனைக்குப் போட்ட குழாயில் பத்து வீடுதான் இருக்கும். இரண்டாவது, பனியன் கம்பெனிகளும் அவற்றை ஒட்டிய லைன் வீடுகளும். கம்பெனி இடம் மாறினாலோ மூடினாலோ அங்கிருந்த ஆட்களும் போய்விடுகிறார்கள். நூறு பேருக்கென்று போட்ட நான்கு அங்குலக் குழாய் நாலு குடும்பத்துக்காகக் கிடக்கிறது. மூன்றாவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது. தினமும் இல்லாமல் சில நாளுக்கு ஒருமுறை சில மணி நேரம் மட்டும் விடும்போது, இரண்டு முறைக்கும் நடுவில் குழாயில் இருக்கும் தண்ணீர் அசைவே இல்லாமல் கிடக்கிறது.

இதோடு தூரமும் சேர்கிறது. இந்த வட்டாரத்தில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் குடிக்க ஆற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கிறோம். அது பல பத்து கிலோமீட்டர் குழாயில் வருகிறது. 2005-இல் செயல்படத் தொடங்கிய புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் திட்டம், ஆலைகளுக்கும் ஊர்களுக்குமாக நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறனோடு கட்டப்பட்டது. அதன் நீர் பவானி ஊர்ப் பக்கமிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணப்பட்டு வருகிறது. இப்படி வரும் தண்ணீர் நம் தொட்டியில் ஏறும்போதே, சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்த குளோரினில் ஒரு பங்கை இழந்திருக்கும். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் குளங்களுக்கு நீர் நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துவதற்கானது. குடிநீர்க் குழாயின் இந்தச் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குளோரின் எங்கே போகிறது

குளோரின் போட்டதும் அதில் ஒரு பகுதி உடனே தண்ணீரில் உள்ள அழுக்கோடு சேர்ந்து செலவாகிவிடும். செலவாகாமல் நிற்பதே எஞ்சிய குளோரின். வழியில் ஏதாவது கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல இருப்பது இதுதான். இந்தியத் தர நிர்ணயமான IS 10500, நுகர்வோர் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கச் சொல்கிறது. வைரஸ் தொற்றிலிருந்து காக்க வேண்டிய நேரத்தில் 0.5 இருக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதையே நடைமுறையில் ஒரு பிபிஎம் என்கிறோம்.

எஞ்சிய குளோரினும் நிலையாக நிற்பதில்லை. தண்ணீரில் கரைந்துள்ள கரிமப் பொருளோடு மெதுவாக வினைபுரிந்து குறையும். குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பும் துருவும் இன்னொரு பங்கைத் தின்னும். குழாய் சிறிதாக இருந்தால் அதே அளவு தண்ணீருக்குச் சுவர்ப் பரப்பு அதிகம், ஆகவே சுவர் தின்பதும் அதிகம். வெப்பமும் முக்கியம். பத்து டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மார்கழியில் சரியாக இருந்த லைன், தார்ச் சாலைக்கு அடியில் ஆழமில்லாமல் கிடக்கும் பிவிசி குழாயாக இருந்தால், சித்திரையில் தோற்றுப்போவது இதனால்தான்.

குறையும் விதத்தையும் கவனிக்க வேண்டும். இத்தனை மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று சீராகக் குறைவதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை, இருப்பதில் பாதியாகிறது. உங்கள் தண்ணீருக்கு அந்த நேரம் எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை, அதே தண்ணீரில் நன்றாக அலசிய மூடியுள்ள பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் ஐந்தில் காற்றிடம் இல்லாமல் நிரப்புங்கள். வெயில் படாத, குழாய் இருக்கும் வெப்பத்துக்கு நெருக்கமான இடத்தில் வையுங்கள். ஒன்றை உடனே அளந்துவிட்டு, மற்றவற்றை 6, 12, 24, 48 மணி நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து அளந்து எழுதுங்கள். முதல் அளவு எப்போது பாதியானதோ அதுவே அரை நேரம். புட்டியில் குழாய்ச் சுவர் இல்லாததால் உண்மையான குழாயில் இதைவிட வேகமாகவே குறையும். இந்தச் சோதனையை வெயில் காலத்தில் ஒருமுறை, குளிர் காலத்தில் ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிளையின் கணக்கு

கணக்குக்காக ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். பெரிய லைனிலிருந்து பிரிந்து ஒரு புது சைட்டுக்குள் 300 மீட்டர் போகிறது. உள்விட்டம் 100 மில்லிமீட்டர். இந்தக் குழாய் மீட்டருக்கு 7.85 லிட்டர் கொள்ளும். ஆக முழுக் கிளையிலும் சுமார் 2,355 லிட்டர் நிற்கும். மொத்தம் 15 வீடுகள். நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு வீடும் ஒரு முறைக்கு 500 லிட்டர் சம்ப்பில் பிடிக்கிறது. அப்படியானால் கிளையில் ஒரு முறைக்குப் பாய்வது 7,500 லிட்டர். குழாயில் நிற்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பாய்கிறது, பிறகு எப்படித் தேங்கும் என்று காகிதத்தைப் பார்த்தவர் கேட்பார்.

வீடுகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். முதல் 160 மீட்டரில் 14 வீடுகள். அதன்பின் 80 மீட்டர் தள்ளி, தனியாக ஒரே ஒரு வீடு. அதைத் தாண்டியும் 60 மீட்டர் குழாய் போகிறது, அதில் வீடே இல்லை.

அந்த நடு 80 மீட்டர் குழாய் கொள்வது 628 லிட்டர். கடைசி வீடு எடுப்பது 500 லிட்டர். இன்று தண்ணீர் திறந்ததும் கடைசி வீட்டுக்கு முதலில் வருவது அந்த 628 லிட்டரில் பழையது. போன முறை அந்தப் பகுதிக்குள் புதிதாக நுழைந்தது 500 லிட்டர்தான். மீதி 128 லிட்டர் அதற்கும் முந்தைய முறையில் வந்தது. எனவே இன்று கடைசி வீடு பிடிக்கும் முதல் 128 லிட்டருக்கு வயது எட்டு நாள், அடுத்த 372 லிட்டருக்கு நான்கு நாள். இன்று திறந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் இதேதான் நடக்கும்.

இப்போது குளோரினைச் சேர்ப்போம். கிளை பிரியும் இடத்தில் 0.6 பிபிஎம் இருக்கிறது, அரை நேரம் 24 மணி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் முடிவில் 0.3, இரண்டாம் நாள் 0.15, மூன்றாம் நாள் 0.075, நான்காம் நாள் சுமார் 0.04. எட்டு நாள் தண்ணீரில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

தொட்டியில் இருமடங்கு குளோரின் போட்டால்? கிளை பிரியும் இடத்தில் 1.2 ஆகும். அது ஒரு நாளில் 0.6-க்கு வந்துவிடும். பிறகு பழைய கணக்கேதான். இருமடங்கு மருந்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு அரை நேரம், அதாவது 24 மணி. நான்கு நாள் தண்ணீரில் 0.2 நிற்க வேண்டுமானால் பிரியும் இடத்தில் 3.2 பிபிஎம் வேண்டும். எட்டு நாள் தண்ணீருக்கு 50-க்கும் மேல். இந்தியத் தரநிலை பொறுத்துக்கொள்ளும் மேல்வரம்பு 1. தொட்டிக்குப் பக்கத்து வீட்டார் வாடை தாங்காமல் குழாய்த் தண்ணீரையே குடிக்காமல் விடுவார்கள், கடைசி வீட்டின் நிலை மாறாது. குளோரினைக் கூட்டுவது இதற்குத் தீர்வல்ல என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. குறைக்க வேண்டியது தண்ணீரின் வயதை.

கடைசி 60 மீட்டர் இன்னும் மோசம். அதில் 471 லிட்டர், குழாய் பதித்த நாளிலிருந்து வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. கரைக்காமல் கொட்டிய பிளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பு, துரு, மணல் எல்லாம் வந்து சேரும் இடமும் அதுவே. முறை முடிந்து வால்வை மூடியபின் தாழ்வான குழாய்கள் வழியாக லைன் வடியும்போது, இந்தத் தண்ணீர் பின்னோக்கி நகர்ந்து கடைசி வீட்டு இணைப்பு இருக்கும் இடத்துக்கு வரும். அடுத்த முறை முதல் குடத்தில் வரும் கலங்கலும் வாடையும் பெரும்பாலும் இங்கிருந்துதான்.

அளப்பது

ஊழியர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது குளோரோஸ்கோப். அதில் ஊற்றும் ஆர்த்தோடாலிடின் திரவம் மஞ்சள் நிறம் காட்டும். டெட் எண்டு வேலைக்கு அது போதாது. கிருமியை வேகமாகக் கொல்லும் தனிக் குளோரினையும், அம்மோனியாவோடு சேர்ந்து வலுவிழந்த கூட்டுக் குளோரினையும் அது சரியாகப் பிரித்துக் காட்டாது. அந்த வேதிப்பொருளைக் கையாள்வதும் உடலுக்கு நல்லதல்ல. டிபிடி மாத்திரைப் பெட்டியை வாங்குங்கள். 10 மில்லிலிட்டர் தண்ணீரில் முதல் மாத்திரை போட்டால் வரும் இளஞ்சிவப்பு, தனிக் குளோரினின் அளவு. அதை உடனே படித்து எழுதிவிட்டு, அதே தண்ணீரில் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டால் நிறம் கூடும். அது மொத்தக் குளோரின். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கூட்டுக் குளோரின்.

நம் ஊரில் டிடிஎஸ் மீட்டர் இல்லாத வீடு குறைவு. அது கரைந்த உப்பைக் காட்டும் கருவி, குளோரினையும் கிருமியையும் பற்றி எதுவும் சொல்லாது. மீட்டரில் 150 காட்டும் ஆற்றுத் தண்ணீர் எட்டு நாள் பழசாகவும் இருக்கலாம்.

அளவை சம்ப்பிலோ மாடித் தொட்டியிலோ எடுக்காதீர்கள். தெருக் குழாயிலிருந்து நேரே வரும் இணைப்பில் எடுக்க வேண்டும். தண்ணீரைப் பிடித்த இடத்திலேயே, நிழலில் அளக்க வேண்டும். புட்டியில் அடைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே குறைந்துவிடும். ஒரு கிளைக்கு மூன்று இடம் போதும்: பிரியும் இடத்து வீடு, நடுவில் ஒரு வீடு, கடைசி வீடு. கடைசி வீட்டில் மட்டும், தண்ணீர் வந்த உடனேயும், 10, 30, 60 நிமிடத்திலும் அளந்து, அதுவரை அந்த வீடு எத்தனை லிட்டர் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். ஒரே ஒரு அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது. நேரத்தோடு அது எப்படி மாறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

அளவைப் படிப்பது

முதலில் பூஜ்யம், கொஞ்ச நேரத்தில் 0.1, பிறகு 0.4 என்று ஏறிப் பிரியும் இடத்து அளவை நெருங்கினால், குழாய் நல்ல நிலையில் இருக்கிறது, தண்ணீர்தான் தேங்கியிருக்கிறது. கழுவிவிட்டால் சரியாகும்.

முறை முழுக்கப் பூஜ்யமாகவே இருந்தால், நம் கணக்கில் கண்டதுபோல் புதுத் தண்ணீர் அங்கே வந்து சேரவே இல்லை என்றும் இருக்கலாம், குழாய் வழியில் குளோரினைத் தின்கிறது என்றும் இருக்கலாம். எது என்று அறிய, கடைக்கோடியைத் திறந்து குழாய் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் தேக்கம். பிரியும் இடத்தில் 0.6 இருக்க, இவ்வளவு ஓடிய பின்னும் கடைசியில் பூஜ்யமே என்றால், குழாயின் உட்சுவர் கெட்டிருக்கிறது, அல்லது எங்கோ வெளித்தண்ணீர் கலக்கிறது.

தனிக் குளோரின் பூஜ்யம், மொத்தக் குளோரின் மட்டும் நன்றாகக் காட்டுகிறது என்றால் நின்று யோசியுங்கள். குளோரின் அம்மோனியாவைச் சந்தித்திருக்கிறது. முறை வைத்து விடும் லைனில் அம்மோனியா வருவதற்கு முதல் சந்தேகம் சாக்கடை. வால்வை மூடியபின் குழாய் வடியும்போது உள்ளே அழுத்தம் குறையும். கசியும் இணைப்பு சாக்கடைக்குள் கிடந்தால் அது உள்ளே இழுக்கும். யாராவது மோட்டார் வைத்து நேரே லைனில் இழுத்தாலும் இதுவே நடக்கும். இது கழுவித் தீரும் சிக்கலில்லை. கிளையின் வால்வை மூடி, லாரியில் தண்ணீர் கொடுத்து, கசிவைத் தோண்டிச் சரிசெய்து, பாக்டீரியா பரிசோதனைக்கு மாதிரி அனுப்பிய பிறகுதான் திறக்க வேண்டும்.

கழுவிவிடுதல்

நம் எடுத்துக்காட்டுக் கிளையில் கடைசி மூடியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு வாஷ் அவுட் வால்வு வைத்ததாகக் கொள்வோம். முறை தொடங்கியவுடன் திறந்தால் கிளையின் 2,355 லிட்டரையும் வெளியேற்ற வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால் முதல் 14 வீடுகளே தங்கள் பங்குக்கு முன்பகுதியின் பழைய தண்ணீரை எடுத்துத் தீர்த்திருக்கும். அப்போது வெளியேற்ற வேண்டியது கடைசி 140 மீட்டரின் சுமார் 1,100 லிட்டர்தான். கடைசி வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அதுவரை சம்ப் வால்வைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்பது எதற்காகக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்தது. அடியில் படிந்த மண்டியைக் கிளப்பி வெளியேற்ற, குழாயில் நீர் நொடிக்கு முக்கால் மீட்டராவது ஓட வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 6 லிட்டர். 200 லிட்டர் டிரம் 33 நொடியில் நிறைந்தால் அந்த வேகம் வந்துவிட்டது என்று பொருள். அந்த வேகத்தில் 1,100 லிட்டர் மூன்றே நிமிடத்தில் போய்விடும். கடைக்கோடியில் அழுத்தம் குறைவாக இருந்து டிரம் நிறைய 100 நொடி ஆனால், பத்து நிமிடம் விட்டால் பழைய தண்ணீர் மாறிவிடும், மண்டி மட்டும் போகாது. மண்டிக்காக ஒருநாள் மற்றக் கிளைகளை மூடி, இந்தக் கிளைக்கு முழு அழுத்தம் கொடுத்துத் தனியாகக் கழுவ வேண்டும்.

நிறுத்துவதற்குக் கடிகாரத்தை நம்பாதீர்கள். வெளியேறும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள், குளோரினை அளவெடுங்கள். தெளிந்து, 0.2-க்கு மேல் வந்தால் மூடுங்கள். எத்தனை லிட்டரில் அது வந்தது என்று எழுதி வைத்தால் அடுத்த முறைக்கு அதுவே அளவுகோல். தண்ணீர்ப் பஞ்ச ஊரில் கொட்டுகிறார்களே என்று கேள்வி வரும். கிளைக்கு ஒரு முறை போகும் 7,500 லிட்டரில் இது ஏழில் ஒரு பங்கு. தெரு மரங்களுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பிவிட்டால் அந்தக் கேள்வியும் அடங்கும்.

வாஷ் அவுட்டின் வாய் சாக்கடைக்குள் முழுகக் கூடாது. சாக்கடையின் உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் ஒரு முழமாவது இடைவெளி விட்டு முடிய வேண்டும். இல்லையென்றால் லைன் வடியும்போது சாக்கடை அந்த வாய் வழியாகவே குழாய்க்குள் ஏறும், கழுவ வைத்த வால்வே நோயைக் கொண்டுவரும்.

கழுவுவதற்கு முன் தொட்டியைத் திறந்து பாருங்கள். 1993 நவம்பரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிடியன் என்ற சிற்றூரில், சுவை சரியில்லை என்ற புகாரால் ஊர்க் குழாய்கள் முழுவதையும் கழுவிவிட்டார்கள். அந்த ஊர்த் தண்ணீருக்குக் குளோரின் போடும் வழக்கமில்லை. ஒரு தொட்டியின் மேல்மூடி வழியாகப் பறவை எச்சம் விழுந்து தண்ணீர் கெட்டிருந்தது யாருக்கும் தெரியாது. கழுவும் வேகத்தில் அது ஊர் முழுக்க இழுத்துவரப்பட்டது. சால்மொனெல்லா தொற்றில் பல நூறு பேர் நோய்ப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். தொட்டி மூடி, காற்றுப்போக்கி வலை, அடிமண்டி மூன்றையும் பார்த்து, தொட்டி வெளியேற்றத்தில் குளோரினை அளந்த பிறகே தெருவில் வால்வைத் திறவுங்கள்.

கழுவாமலே இருக்க

ஒவ்வொரு முறையும் ஆள் நின்று கழுவுவது நீண்ட நாள் நடக்காது. செலவு குறைந்த மாற்றங்கள் சில உண்டு.

முதலில், வீடில்லாத 60 மீட்டரை வெட்டிவிடுங்கள். கடைசி வீட்டு இணைப்பை அடுத்து ஒரு வால்வு போட்டு மூடி, வாஷ் அவுட்டை அதற்கு முன்னால் கொண்டுவாருங்கள். அங்கே வீடு வரும் நாளில், உள்ளே நிற்பதைக் கழுவி, கிருமிநீக்கம் செய்து திறக்கலாம்.

அடுத்தது அந்த 80 மீட்டர். ஒரே வீட்டுக்கு நான்கு அங்குலக் குழாய் தேவையில்லை. 14-ஆவது வீட்டுக்கு அருகில் வால்வு போட்டுப் பெரிய குழாயை மூடிவிட்டு, 32 மில்லிமீட்டர் எச்டிபிஇ குழாயைக் கடைசி வீட்டுக்கு இழுத்தால் அதில் நிற்பது 45 லிட்டருக்குள்தான். மூன்று நான்கு குடம் போனதும் புதுத் தண்ணீர் வந்துவிடும். 500 லிட்டர் இரண்டு மணி நேரத்தில் பிடிக்க அந்தக் குழாய் தாராளம். அந்தப் பக்கம் சைட் நிரம்பும்போது பழைய பெரிய குழாயை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பக்கத்துத் தெரு லைனோடு இணைத்து வளையமாக்குவது. நல்ல வழிதான், ஆனால் இரண்டு தெருவும் ஒரே வால்வில், ஒரே முறையில் வர வேண்டும். வேறு வேறு நாளில் வந்தால், ஒரு தெருவுக்கு விடும் தண்ணீர் மற்றதற்குள் போய் முறையே குலைந்துவிடும். ஒரே நாளில் வந்தாலும், இரு பக்கமிருந்தும் வரும் ஓட்டம் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கக்கூடும். இணைத்த பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடித்து அளந்து பாருங்கள்.

தொட்டியில் மருந்து சரியாகப் போகிறதா என்பது எப்போதும் முதல் கேள்வி. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற வழக்கமான அளவு, பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால்தான் 1 பிபிஎம் கொடுக்கும். திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்து 15 சதவீதத்துக்கு இறங்கிய பவுடரில் அதே 4 கிராம் 0.6-தான். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு குழாய்க்குள் போகக் கூடாது.

விடுமுறைக்குப் பின் முதல் முறை

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் மூடி, லைன் வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேல் காலியாகும். முறைப்படி தண்ணீர் திறந்துவிட்டாலும் எடுப்பதற்கு ஆளில்லை. நாலு நாள் வயது பத்து நாளாகிறது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி, கம்பெனி திறப்பதற்கு முந்தைய முறையிலேயே, லைன் வீடுகள் உள்ள எல்லாக் கிளையையும் கடைக்கோடி வரை கழுவிவிடுங்கள். வாகாக ஒரு பட்டியல் முன்பே தயாராக இருக்கட்டும். லைன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, அவருடைய மாடித் தொட்டியையும் சம்ப்பையும் அதே நாளில் காலிசெய்து நிரப்பச் சொல்லுங்கள். தெருக் குழாயில் கழுவி எடுத்த புதுத் தண்ணீர் பத்து நாள் சம்ப்புக்குள் விழுந்தால் பட்ட பாடு வீண்.

கடைசி வீட்டில் இருப்பவர்களுக்கு

தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைத் துணி துவைக்க, பாத்திரம் கழுவ, செடிக்கு என்று தனியாகப் பிடியுங்கள். வாடையும் கலங்கலும் போன பிறகு குடிக்கும் தண்ணீரைப் பிடியுங்கள். வாடை போனால் மட்டும் கிருமி போய்விட்டதாகப் பொருளில்லை. எனவே உங்கள் லைனில் கழுவும் ஏற்பாடு வரும்வரை குடிப்பதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். லைனில் மோட்டார் போட்டு இழுக்காதீர்கள். புகார் சொல்லும்போது 'தண்ணீர் சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல், திறந்த எத்தனை நிமிடத்தில் வாடை போனது, உங்கள் வீட்டுக்கு அப்பால் குழாய் எவ்வளவு தூரம் போகிறது என்ற இரண்டையும் சொல்லுங்கள். ஃபிட்டருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஊழியர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குளோரின் பதிவேட்டில் இப்போது தொட்டியின் அளவு மட்டும் ஏறுகிறது. ஒவ்வொரு டெட் எண்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: கிளை, கடைசி வீட்டுக் கதவு எண், குழாய் விட்டம், வீடில்லாத நீளம், கழுவிய தேதி, கழுவுவதற்கு முன்னும் பின்னும் குளோரின். 0.2 என்ற விதி நுகர்வோரின் குழாய்க்காகவே எழுதப்பட்டது. கடைசி வீட்டின் அளவு ஏறாத பதிவேடு அந்த விதியை நிறைவேற்றியதாகாது.